விறகு லொறியை நிறுத்துவேன் என்றதால் போட்ட கையொப்பம்

கேள்வி:

ஐயா, ஹட்டனுக்குச் சற்றுத் தள்ளி நானும் அண்ணாவும் சிறிய தேயிலை பெக்டரி ஒன்றை நடத்துகிறோம். காய்ந்து பிளந்த விறகு 600 கன மீற்றர், பெப்ரவரி முதல் ஜூலை வரை, கன மீற்றருக்கு 6,500 ரூபா என்று ஒருவருடன் எழுத்தில் ஒப்பந்தம் செய்தோம். 350 வந்த பிறகு, மே மாதம் மூன்றாம் வாரத்தில், "இனி 8,500. இல்லாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து லொறி வராது" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். எங்களிடம் ஐந்து நாள் விறகுதான் இருந்தது. அவர் கொண்டுவந்த தாளில் கையொப்பம் போட்டுவிட்டோம். புதிய விலையில் மூன்று லொறி வந்துவிட்டது. கையொப்பம் போட்டது போட்டதுதானா? மிகுதி 2,000 ரூபாவைத் திருப்பிக் கேட்க முடியுமா?

பதில்:

போட்டது போட்டதுதான் என்று சட்டம் சொல்வதில்லை. ஆனால் நீங்களாக எதுவும் செய்யாமல் அந்தத் தாள் தானாகச் செல்லாமல் போகவும் மாட்டாது. பொருளாதார நெருக்குதலால் வாங்கிய சம்மதம், நெருக்கப்பட்டவர் "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லி விலகும்வரை உயிரோடு இருக்கும். விலகுவதற்கான காலமும் நீண்டுகொண்டே போகாது. அதனால் கையொப்பமிட்ட அன்று நடந்தது எவ்வளவு முக்கியமோ, இந்த வாரம் நீங்கள் செய்யப்போவதும் அவ்வளவு முக்கியம்.

எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் பொதுவான ஒப்பந்தங்களுக்கு உரோமன் டச்சுச் சட்டம். விறகு விற்பது பொருள் விற்பனை என்பதால் அதற்கு 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். அந்தச் சட்டம் தானே பேசாத இடங்களில் ஆங்கிலச் சட்ட விதிகளுக்கு இடம் கொடுக்கிறது. நெருக்குதல் பற்றிய விவாதத்தில் நான் இங்கிலாந்துத் தீர்ப்புகளைக் கையில் எடுப்பது இதனால்தான். அவை நம் நீதிபதியைக் கட்டுப்படுத்துபவை அல்ல, ஆனால் இந்த விஷயத்தில் வழிகாட்டியாகப் படிக்கப்படுபவை. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி உரோமன் டச்சுச் சட்டத்தையே பிடித்துக்கொண்டு, உயிருக்கோ உடைமைக்கோ அச்சுறுத்தல் இருந்தால்தான் பயம் என்பது பயம் என்று வாதிடக்கூடும். அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் ஒப்பந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். 600 கன மீற்றர், ஆறு மாதம், ஒரே விலை என்று அவர் பொறுப்பேற்று எழுதியிருக்கிறாரா? அல்லது "தேவைப்படும்போது ஓடர் கொடுக்கப்படும், அன்றைய விலையில்" என்ற பாணியில் எங்காவது ஒரு வரி இருக்கிறதா? முழு வழக்கும் இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது. ஒவ்வொரு லொறியும் தனித்தனி ஓடர் என்றால், அடுத்த லொறியை விற்காமல் இருக்க அவருக்கு முழு உரிமை உண்டு. உரிமையுள்ள ஒன்றைச் செய்வேன் என்று ஒருவர் மிரட்டினால் நீதிமன்றம் பெரும்பாலும் தலையிடாது. இங்கிலாந்தில் ஒரு சிகரெட் விநியோக நிறுவனம், திருட்டுப்போன சரக்குக்கும் பணம் கட்டு, இல்லையென்றால் இனிக் கடன் வசதி இல்லை என்று மொத்த வியாபாரி ஒருவரை நெருக்கியது. கட்டிய பணத்தை அந்த வியாபாரியால் திரும்பப் பெற முடியவில்லை. கடன் கொடுப்பதும் கொடுக்காததும் அந்த நிறுவனத்தின் விருப்பம் என்பதே காரணம். அந்தப் பணம் உண்மையில் தனக்குச் சேரவேண்டியது என்று நிறுவனம் மனதார நம்பியதையும் நீதிமன்றம் கவனித்தது.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது அப்படி அல்ல. அளவும் காலமும் விலையும் மூன்றுமே நிலையாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. அப்படியானால் "லொறி வராது" என்றது, தான் கொடுத்த வாக்கை முறிப்பேன் என்ற மிரட்டல். நியாயமற்ற நெருக்குதலுக்கு அடிப்படை உதாரணமே அதுதான். டீசல் விலை, லொறி வாடகை கூடினால் விறகு விலையும் கூடும் என்று ஒரு வரி இருக்கிறதா என்று மட்டும் இன்னொரு முறை பாருங்கள். இருந்தால், அந்த வரி சொல்லும் கணக்குப்படி அவர் எவ்வளவு கேட்கலாம் என்பதே கேள்வியாகிவிடும், மிரட்டல் என்ற பேச்சு பின்னுக்குப் போய்விடும். இல்லையென்றால் டீசல் ஏறியது அவருடைய தலைவலி. நிலையான விலைக்கு ஒப்புக்கொள்பவர் ஏறும் ஆபத்தையும் சேர்த்துத்தான் ஒப்புக்கொள்கிறார். இறங்கியிருந்தால் உங்களுக்கு ஐந்து சதம் குறைத்திருப்பாரா?

இதற்கு அடுத்ததாக, என் அனுபவத்தில் பலர் தோற்றுப்போகும் இடம்: வேறு வழி இருந்ததா? நீதிபதி நேராகவே கேட்பார். "விறகு மலையகத்தில் கிடைக்காத பொருளா? இன்னொருவரிடம் 7,500க்கு வாங்கிவிட்டு, மேலதிகமாகச் செலவான ஆயிரத்தை இவர்மீது நட்டஈடாகக் கேட்டிருக்கலாமே?" ஒப்பந்தப்படி பொருளைத் தராத விற்பனையாளருக்கு எதிராகச் சட்டம் வழக்கமாகத் தரும் பரிகாரம் அதுதான், சந்தை விலைக்கும் ஒப்பந்த விலைக்கும் உள்ள வித்தியாசம். அந்த வழி உண்மையிலேயே திறந்திருந்தால், நீங்கள் நெருக்கப்படவில்லை, வசதியானதைத் தெரிவு செய்தீர்கள் என்று ஆகிவிடும்.

இதற்கு உங்களிடம் நல்ல பதில் இருக்க வேண்டும், இருக்கிறது என்றும் நினைக்கிறேன். உங்களுக்குத் தேவை வெறும் விறகு அல்ல, காய்ந்த விறகு. மே கடைசியில் உங்கள் பக்கம் தென்மேல் பருவமழை தொடங்கும் நேரம். அப்போது புதிதாக வெட்டிய டர்பன்டைன் மரத்தை யார் கொண்டுவந்து இறக்கினாலும் அடுப்பில் புகைதான் வரும், டிரையருக்குள் போகும் காற்று வேண்டிய 90 பாகைச் சூட்டை எட்டாது. அரைகுறையாகக் காய்ந்த தேயிலையில் ஈரம் தங்கிவிடும், வைத்திருக்க முடியாது, ஏலத்தில் விலையும் போகாது. மறுபக்கம் கொழுந்து காத்திருக்காது. இன்று பறித்ததை இன்றிரவே வாட்டத் தட்டில் போட்டு நாளைக்குள் அரைத்துக் காய வைத்தாக வேண்டும். உங்கள் விறகுச் செலவை வைத்துப் பார்த்தால் நாளுக்கு ஏறத்தாழ 4,000 கிலோ கொழுந்து எடுக்கிறீர்கள் போலிருக்கிறது. ஒரு நாள் அடுப்பு அணைந்தால் அத்தனையும் குப்பை. ஒரு வாரம் வாங்காமல் விட்டால், கொழுந்து தரும் சிறுதோட்டக்காரர் வேறு தொழிற்சாலை லொறிக்குக் கை காட்டிவிடுவார், திரும்பி வரவும் மாட்டார்.

இதையெல்லாம் நீங்கள் வாயால் சொன்னால் போதாது. ஐந்து நாள் விறகு இருந்ததைக் காட்டும் இருப்புப் புத்தகம், அந்த வாரத்துக் கொழுந்து நிறுவைப் பதிவு, மழை விவரம், இவற்றோடு அந்த ஐந்து நாளில் வேறு யாரையெல்லாம் விசாரித்தீர்கள் என்பதும் வேண்டும். விசாரித்தீர்களா? கடிதத்தில் அது இல்லை, எனக்குக் கவலை தரும் இடம் அதுதான். இரண்டு பேருக்காவது அழைத்து "காய்ந்தது இல்லை, மூன்று வாரம் ஆகும்" என்ற பதில் வாங்கியிருந்தால் உங்கள் நிலை பலமானது. அழைப்புப் பட்டியல் தொலைபேசியில் இன்னும் இருக்கும், எடுத்து வையுங்கள். விசாரிக்கவே இல்லை என்றால், அந்த நாட்களில் காய்ந்த விறகு உண்மையில் கிடைத்திராது என்பதை இப்போது பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்களை வைத்துத்தான் காட்ட வேண்டியிருக்கும். முடியும், ஆனால் கடினம்.

உங்கள் கதைக்கு மிக நெருங்கிய ஒரு தீர்ப்பு 1989இல் வந்தது. கூடைப் பொருட்களை இறக்குமதி செய்யும் காஃப்கோ என்ற சிறிய நிறுவனம், வூல்வொர்த்ஸ் கடைகளுக்குச் சரக்கு அனுப்ப அட்லஸ் என்ற போக்குவரத்து நிறுவனத்துடன் ஒரு பெட்டிக்கு 1.10 பவுண் என்று ஒப்பந்தம் செய்தது. முதல் சுமையில் 200 பெட்டிதான் ஏறியது. தாங்கள் எதிர்பார்த்தது 400 முதல் 600 வரை, இது கட்டாது, இனிச் சுமைக்குக் குறைந்தது 440 பவுண் தர வேண்டும் என்றது அட்லஸ். கிறிஸ்மஸ் விற்பனைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் வெறும் லொறியோடு சாரதி வந்தார், கையில் ஒரு தாள். கையொப்பமிடாவிட்டால் சரக்கு ஏற்றாமல் திரும்பிப் போகும்படி அவருக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள். காஃப்கோ கையொப்பமிட்டது, பிறகு மேலதிகப் பணத்தைக் கட்ட மறுத்தது. அட்லஸ் வழக்குப் போட்டுத் தோற்றது. அவ்வளவு குறுகிய நேரத்தில் வேறு போக்குவரத்துப் பிடித்திருக்க முடியாது, வூல்வொர்த்ஸ் கைவிட்டுப் போனால் நிறுவனமே ஆட்டம் கண்டிருக்கும் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

அந்த வழக்கில் இன்னொன்றையும் பாருங்கள். காஃப்கோ பணத்தைக் கட்டிவிட்டுத் திருப்பிக் கேட்கவில்லை. பணம் அதன் கையில் இருந்தது, நீதிமன்றப் படி ஏறும் சுமை எதிராளிக்கு. இதற்குப் பிறகு வருகிறேன்.

எதிர்ப்பக்கத்துத் தீர்ப்பு ஒரு கப்பல் பற்றியது, 1978இல் வந்தது. கொரியாவில் ஒரு எண்ணெய்க் கப்பல் கட்ட நிலையான டொலர் விலையில் ஒப்பந்தம். 1973இல் டொலர் மதிப்பு பத்து வீதம் இறங்கியதும், கப்பல் கட்டுபவர்கள் மீதித் தவணைகளைப் பத்து வீதம் கூட்டிக் கேட்டார்கள். கப்பல் வாங்குபவர்கள் அதை ஏற்கெனவே ஷெல் நிறுவனத்துக்கு வாடகைக்குப் பேசிவிட்டிருந்தார்கள், அதனால் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் என்று எழுதிவிட்டுக் கட்டினார்கள். 1974 நவம்பரில் கப்பல் கைக்கு வந்தது. திருப்பிக் கேட்டது 1975 ஜூலையில். நெருக்குதல் நடந்தது உண்மை என்று நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனாலும் கப்பலை எடுத்துக்கொண்டு எட்டு மாதம் சும்மா இருந்தது, புதிய விலையை ஏற்றுக்கொண்டதற்குச் சமம் என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டார். நெருக்குதலை நிரூபித்தும் பணம் போய்விட்டது.

சரி, இனி உங்கள் கணக்குக்கு வருவோம். மூன்று லொறி, ஒவ்வொன்றிலும் 10 கன மீற்றர் என்று வைத்தால், இதுவரை மிகையாகப் போனது 60,000 ரூபா. மீதி 220 கன மீற்றரையும் 8,500க்கு எடுத்தால் மொத்த மிகை 250 கன மீற்றருக்கு 5 இலட்சம். இப்போதே பழைய விலைக்குத்தான் கட்டுவேன் என்று சொன்னால் அவர் நிறுத்திவிடுவார், நெருக்கடி அப்படியே இருக்கிறது. ஆகவே விறகை எடுங்கள். ஆனால் வாய்மூடி எடுக்காதீர்கள். தொலைபேசியில் "அநியாயம்" என்று சொல்லியிருப்பீர்கள், அதற்குச் சாட்சி இல்லை. இந்த வாரமே பதிவுத் தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரு கடிதம் போகட்டும். ஆத்திரமில்லாமல், ஏறத்தாழ இப்படி:

"எமது ஒப்பந்தப்படி ஜூலை இறுதிவரை விலை கன மீற்றருக்கு 6,500 ரூபா. விநியோகத்தை நிறுத்துவதாகத் தாங்கள் அறிவித்ததாலும், எம்மிடம் ஐந்து நாள் விறகே இருந்ததாலும், வேறிடத்தில் காய்ந்த விறகு பெற முடியாததாலும் மட்டுமே புதிய விலைத் தாளில் கையொப்பமிட்டோம். அதை நாம் ஏற்கவில்லை. தொழிற்சாலையை இயக்குவதற்காக, எமது உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புடன் பணம் செலுத்துகிறோம். மிகையாகச் செலுத்தும் தொகையைத் திரும்பப் பெறவும் கழித்துக்கொள்ளவும் உரிமை உண்டு."

வேறிடத்தில் கிடைக்கவில்லை என்ற வரியை, உண்மையில் விசாரித்திருந்தால் மட்டும் எழுதுங்கள். குறுக்கு விசாரணையில் முதலில் பிடிபடுவது அதுதான்.

கடிதம் போனதும் அவர் கோபத்தில் லொறியை நிறுத்தினால்? அந்த ஆபத்து இருக்கிறது. அதனால் கடிதத்துக்கு முன் ஓரிரு லொறி கூடுதலாக எடுத்துக் கொட்டகைக்குள் அடுக்கிவிடுங்கள், வேறொருவரிடம் காய்ந்த விறகுக்கு எழுத்தில் விலை கேட்டும் வையுங்கள். இதற்குச் சில நாள் போனால் போகட்டும், சில வாரம் போகக்கூடாது. அவர் நிறுத்திவிட்டால் நிலைமை வேறு. அப்போது அது நேரடியான ஒப்பந்த மீறல், மாற்று விறகுக்குக் கொடுத்த மேலதிக விலையை நட்டஈடாகக் கேட்கலாம். நீதிமன்றத் தடையுத்தரவு வாங்கலாமே என்று கேட்பீர்கள். விறகு போன்ற, காசு கொடுத்தால் ஈடு செய்யக்கூடிய பொருளுக்கு அது கிடைப்பது அரிது, கிடைப்பதற்குள் உங்கள் கொழுந்து அழுகிவிடும்.

இப்போது காஃப்கோ விட்ட இடத்துக்கு வருவோம். உங்கள் ஒப்பந்தத்தில் பணம் கட்ட 30 நாள் தவணை இருந்தால், அதுதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பாதுகாப்பு. கடைசி நான்கு வாரத்தில் வரும் 100 கன மீற்றருக்கான பணம், விநியோகம் முடிந்த பிறகும் உங்கள் கையில் இருக்கும். அதற்கு முன் வந்த 150க்கு 8,500 வீதம் 12,75,000 ரூபா கட்டியிருப்பீர்கள். 250க்கும் பழைய விலைப்படி சேரவேண்டியது 16,25,000. ஆக, கடைசிப் பட்டியலுக்கு 8,50,000 என்று அவர் கேட்கும்போது, கணக்கைக் காட்டி 3,50,000 மட்டும் கட்டலாம். வழக்குப் போட வேண்டியவர் அவர். மிரட்டிக் கையொப்பம் வாங்கியவர், தன் குரல் பதிவு மன்றத்தில் ஒலிபரப்பாகும் என்று தெரிந்துகொண்டே வருவாரா என்று யோசிப்பார். ஆனால் இதைக் கடைசி லொறி இறங்கிய பிறகே செய்ய வேண்டும், இறங்கிய சில நாட்களுக்குள் செய்ய வேண்டும். ஆகஸ்ட் முழுவதும் விட்டுவிட்டுப் புதுவருடத்தில் கேட்டால் கப்பல்காரர் கதைதான். தவணை இல்லாமல் லொறி இறங்கும்போதே காசு கொடுக்கிறீர்கள் என்றால் இந்த வழி இல்லை. அப்போது ஜூலை முடிந்தவுடன் கோரிக்கைக் கடிதம் அனுப்பி, நீங்கள்தான் துரத்த வேண்டும். இந்த அளவு தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டி வரலாம். அங்கே இணக்கம் வராவிட்டால் தரும் சான்றிதழோடு மாவட்ட நீதிமன்றம்.

அவருடைய பக்கத்தையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும், நீதிபதியும் பார்ப்பார். ஒரு மாதம் முன்பே வந்து, டீசல் பற்றுச்சீட்டுகளைக் காட்டி, "இந்த விலைக்கு ஓட்டினால் கையைக் கடிக்கிறது, ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்" என்று கேட்டு, நீங்களும் யோசித்து 7,000க்கு ஒத்துக்கொண்டிருந்தால், அது வியாபாரம், அந்த ஒப்புதல் நிற்கும். கடுமையாகப் பேரம் பேசுவது குற்றமில்லை. உங்கள் விஷயத்தில் கெட்டது, இருப்பு ஐந்து நாளுக்கு இறங்கிய வாரத்தை அவர் தேர்ந்தெடுத்தது. உங்கள் இருப்பு எவ்வளவு என்பது அவருக்குத் தெரிந்திருந்ததா? லொறிச் சாரதி கொட்டகையைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருந்தால், அல்லது நீங்களே "சீக்கிரம் அனுப்புங்கள், முடியப்போகிறது" என்று முந்தைய நாள் செய்தி அனுப்பியிருந்தால், அது உங்களுக்கு உதவும் சாட்சி. அந்தச் செய்தியைத் தேடிப் பாருங்கள்.

இதே காரணத்துக்காக ஒரு எச்சரிக்கை. இடையில் அவர் சமாதானமாக வந்து "7,300க்கு முடிப்போம்" என்று சொல்லலாம். வழக்குச் செலவையும் அலைச்சலையும் நினைத்தால் அது மோசமான முடிவு அல்ல, நானே பலருக்கு ஏற்கச் சொல்வேன். ஆனால் அமைதியாக உட்கார்ந்து, நேரம் எடுத்துப் போடும் அந்தக் கையொப்பத்தைப் பிறகு நெருக்குதல் என்று சொல்ல முடியாது. போடுவதானால் மனதார முடித்துக்கொள்ளப் போடுங்கள். அதுவரை, பணம் கட்டும்போது அவர் நீட்டும் பற்றுச்சீட்டில் "முழுத் தீர்வாக" என்றோ "சுயவிருப்பத்தின் பேரில்" என்றோ வரி இருக்கிறதா என்று கணக்கர் பார்த்தே கையொப்பமிட வேண்டும். முதல் தாளிலேயே அப்படி ஒரு வரி இருந்தாலும் பயப்பட வேண்டாம், மிரட்டி வாங்கிய தாளில் விருப்பத்தோடு என்று எழுதியிருப்பது புதிதல்ல. அதன்பின் வரும் ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும் அதே வரிக்கு நீங்கள் கையொப்பமிட்டிருந்தால்தான் பிரச்சினை.

அந்தக் குரல் பதிவு உங்களுடைய சிறந்த சாட்சி. இன்னொரு தொலைபேசிக்கு அனுப்பி வைப்பது மட்டும் போதாது. வந்த தொலைபேசியையே மாற்றாமல், அழிக்காமல் வைத்திருங்கள். அந்த உரையாடலில் செய்திகள் தானாக மறையும் வசதி இயங்கினால் இன்றே நிறுத்துங்கள். 2006ஆம் ஆண்டு மின்னணு கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி இத்தகைய பதிவுகளைச் சாட்சியமாகக் கொடுக்கலாம். எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தது என்பது அதில் இருப்பதுதான் முக்கியம், கையொப்பமிட்ட நேரத்தோடு அதைப் பொருத்திக் காட்ட வேண்டும். கணக்குப் புத்தகத்தில், இனிப் போகும் ஒவ்வொரு கொடுப்பனவையும் இரண்டாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: விறகு விலை 6,500 ஒரு வரி, எதிர்ப்புடன் கட்டியது 2,000 இன்னொரு வரி. ஏற்கெனவே போன மூன்று லொறிக்கும் பழைய பதிவைத் திருத்தாமல், இன்றைய திகதியிட்டுப் புதிய குறிப்பாக எழுதட்டும்.